பின்னங்களின் கூட்டலுக்குள் ஒரு வட்டம்

பத்து பின்னங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 10. கீழே, 100 உடன் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் பின்னம் 10/101, அடுத்தது 10/104, பிறகு 10/109, கடைசியில் 10/200. இந்தப் பத்தையும் கால்குலேட்டரில் கூட்டினால் 0.75998 வரும். இதையே நூறு பின்னங்களுக்குச் செய்யலாம்: மேலே 100, கீழே 10,000 உடன் 1 முதல் 100 வரையிலான எண்களின் வர்க்கங்கள். கூட்டுத்தொகை 0.78289. ஆயிரம் பின்னங்களுக்கு 0.78515.

இந்த மூன்று விடைகளையும் நான்கால் பெருக்கிப் பாருங்கள். 3.0399, 3.1316, 3.1406. வட்டம் என்ற பேச்சே இல்லாத ஒரு கூட்டல், π-ஐ நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

பொதுவாக எழுதினால், k என்ற எண் 1-இலிருந்து n வரை போக, n/(n² + k²) என்ற பின்னங்களைக் கூட்டுகிறோம். n எல்லையில்லாமல் பெருகும்போது கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்திலும் பொறியியல் நுழைவுத் தேர்வுகளிலும் இந்த வகைக் கேள்வி அடிக்கடி வரும். ஒரு வரிச் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறவர்களே அதிகம். அந்தச் சூத்திரத்துக்குள் நடப்பதை நிதானமாகப் பார்த்தால், கணக்கும் படமும் ஒன்றாகும் இடம் தெரியும்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பலருக்கு முதலில் தோன்றும் விடை பூஜ்ஜியம். n பெருகப் பெருக ஒவ்வொரு பின்னமும் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆயிரம் பின்னங்கள் உள்ள கூட்டலில் மிகப் பெரிய பின்னமே ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டுவதில்லை. ஒவ்வொன்றும் பூஜ்ஜியத்துக்குப் போகும்போது கூட்டுத்தொகையும் பூஜ்ஜியத்துக்குத்தானே போக வேண்டும்? எத்தனை பின்னங்களைக் கூட்டுகிறோம் என்பது மாறாமல் இருந்தால் அந்த வாதம் சரி. இங்கே பின்னம் சுருங்கும் அதே வேகத்தில் பின்னங்களின் எண்ணிக்கை பெருகுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 1/n அளவு, எண்ணிக்கை n. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் பூஜ்ஜியமும் இல்லாமல், கைமீறிப் பெருகவும் செய்யாமல், நடுவில் ஓர் எண் மிஞ்சுகிறது. அந்த எண் எது என்று எல்லையை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிப்பது கடினம். கூட்டலைப் படமாக்கிவிட்டால் வழி பிறக்கும்.

படமாக்கும் முறை இதுதான். n/(n² + k²) என்பதில் மேலும் கீழும் n²-ஆல் வகுத்தால், அது (1/n) × 1/(1 + (k/n)²) என்று ஆகும். ஒரே பின்னம் இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிந்துவிட்டது. பெருக்கல் என்றால் நீளம் பெருக்கல் உயரம், அதாவது ஒரு செவ்வகத்தின் பரப்பு. அகலம் 1/n. உயரம், y = 1/(1 + x²) என்ற வளைவரையில் x = k/n என்ற இடத்தில் கிடைக்கும் உயரம்.

பத்து பின்னங்களுக்குத் திரும்புவோம். x-அச்சில் 0-இலிருந்து 1 வரை உள்ள தூரத்தைப் பத்தாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 0.1. அதன் மேல் நம் வளைவரை 1 என்ற உயரத்தில் தொடங்கி, மெல்லச் சரிந்து, x = 1 வரும்போது பாதி உயரத்துக்கு இறங்கியிருக்கும். மூன்றாவது துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 0.2-இலிருந்து 0.3 வரை. வலது ஓரத்தில், அதாவது 0.3-இல், வளைவரையின் உயரம் 1/1.09, சுமார் 0.917. அந்த உயரத்துக்கு ஒரு செவ்வகம் நிறுத்தினால் அதன் பரப்பு 0.0917. நம் பட்டியலில் மூன்றாவதாக இருந்த 10/109-இன் மதிப்பும் அதுவே. பட்டியலில் உள்ள பத்து பின்னங்களும் இப்படி வளைவரைக்குக் கீழே தோளோடு தோள் நிற்கும் பத்துச் செவ்வகங்கள்.

வளைவரை கீழ்நோக்கிச் சரிவதால், வலது ஓர உயரத்தில் நிறுத்திய செவ்வகங்கள் எப்போதும் வளைவரைக்கு உள்ளேயே அடங்கும். அவற்றின் மொத்தப் பரப்பு உண்மையான பரப்பைவிடக் குறைவு. இடது ஓர உயரத்தில் நிறுத்தினால் எல்லாச் செவ்வகங்களும் கொஞ்சம் வெளியே தலைநீட்டும். மொத்தம் கூடுதலாக இருக்கும். இந்த இரண்டு மொத்தங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட எந்தச் சிரமமும் இல்லை. ஒரு துண்டின் வலது ஓரம்தான் அடுத்த துண்டின் இடது ஓரம் என்பதால், நடுவில் உள்ள உயரங்கள் எல்லாம் இரண்டு கூட்டலிலும் பொதுவாக வந்துவிடும். கடைசிச் செவ்வகமான 10/200 போய், முதலில் 10/100 சேரும்; அவ்வளவுதான் மாற்றம். ஆக வலது மொத்தம் 0.75998, இடது மொத்தம் 0.80998. வளைவரைக்குக் கீழே உள்ள உண்மையான பரப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இடைவெளி சரியாக 0.05.

ஆயிரம் செவ்வகங்கள் வைத்தால் அதே கணக்கில் இடைவெளி 0.0005. பத்து லட்சம் வைத்தால் 0.0000005. எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் அதற்கேற்ற n-ஐக் காட்டிவிடலாம். 'எல்லை' என்று கணிதம் சொல்வதன் பொருள் இதுவே. செவ்வகங்கள் எந்தக் கட்டத்திலும் வளைவரையாக மாறிவிடுவதில்லை. N எவ்வளவு பெரிதானாலும் படிக்கட்டு போன்ற ஓரம் இருந்துகொண்டே இருக்கும். ஆனால் மேலும் கீழும் நெருக்கும் இரண்டு மொத்தங்களுக்கு நடுவில் ஒரே ஓர் எண்ணுக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த எண்ணை 0-இலிருந்து 1 வரையிலான வரையறுத்த தொகையீடு என்கிறோம். எழுதும்போது ∫₀¹ dx/(1 + x²). கூட்டல் குறி Σ இருந்த இடத்தில் ∫ வந்தது, k/n இருந்த இடத்தில் x வந்தது, 1/n இருந்த இடத்தில் dx வந்தது. k = 1 என்பது n பெருகும்போது x = 0 என்ற தொடக்கமாகிறது; k = n என்பது x = 1 என்ற முடிவாகிறது.

இதற்குப் பிறகு பாடப்புத்தகம் இரண்டே வரியில் முடித்துவிடும். 1/(1 + x²)-இன் தொகையீடு tan-இன் நேர்மாறு; tan 45° = 1; ஆகவே விடை π/4. சரியான விடைதான். ஆனால் வட்டம் எங்கிருந்து வந்தது என்பது அந்த இரண்டு வரியில் மறைந்துவிடுகிறது. அதைக் கண்ணால் காட்டும் வழி ஒன்று, நியூட்டனும் லைப்னிட்சும் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மலையாளத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

ஜ்யேஷ்டதேவர் 1530-ஐ ஒட்டி எழுதியதாகக் கருதப்படும் 'யுக்திபாஷா' என்ற நூல், சங்கமகிராமத்து மாதவன் வழிவந்த கேரளக் கணித மரபின் நிறுவல்களை விரிவாகச் சொல்கிறது. மாதவன் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சூத்திரங்களைச் செய்யுளில் சுருக்கிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் இருந்த காலத்தில், ஒவ்வொன்றும் ஏன் சரி என்பதை மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் உரைநடையில் எழுதிய நூல் இது. வட்டத்தின் சுற்றளவைக் காண அதில் வரும் முறையை இன்றைய குறியீட்டில் சொல்கிறேன்.

ஆரம் 1 உள்ள ஒரு வட்டம் வரையுங்கள். அதன் கிழக்குக் கோடிப் புள்ளியில் ஒரு தொடுகோடு செங்குத்தாக மேலே போகிறது. அதில் 1 அலகு நீளம் எடுத்துக்கொண்டால் அதன் உச்சி, வட்டத்தைச் சுற்றி வரையும் சதுரத்தின் மூலையில் போய் நிற்கும். வட்டத்தின் மையத்திலிருந்து அந்த மூலைக்குக் கோடு இழுத்தால் கோணம் 45 பாகை. அந்தக் கோணத்துக்குள் வரும் வில், முழு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. முழுச் சுற்றளவு 2π என்பதால் இந்த வில்லின் நீளம் π/4.

இப்போது அந்தத் தொடுகோட்டைப் பத்துச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுப் புள்ளிக்கும் மையத்திலிருந்து ஒரு கோடு இழுங்கள். வில்லும் பத்துத் துண்டுகளாகிவிடும். தொடுகோட்டுத் துண்டுகள் எல்லாம் 0.1, ஆனால் வில் துண்டுகள் சமமில்லை. கீழே உள்ளது ஏறக்குறைய 0.1, மேலே போகப் போகச் சுருங்கி, உச்சியில் ஏறக்குறைய பாதி. எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் கேள்வி. மூன்றாவது துண்டையே மறுபடி பார்ப்போம். மையத்திலிருந்து 0.3 உயரத்துக்குப் போகும் கோடு ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம். அடி 1, உயரம் 0.3 என்பதால் கர்ணத்தின் வர்க்கம் 1.09. தொடுகோட்டுத் துண்டு அந்தக் கர்ணத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து நிற்கிறது. செங்குத்தாகத் திருப்பினால் அதன் நீளம் கர்ணத்தால் வகுபடும். பிறகு அதைத் தொடுகோட்டின் தூரத்திலிருந்து வட்டத்தின் ஓரம்வரை, அதாவது கர்ண தூரத்திலிருந்து 1 என்ற தூரத்துக்கு, உள்ளே இழுக்க வேண்டும். வடிவொத்த முக்கோணங்களின்படி மறுபடியும் கர்ணத்தால் வகுபடும். இரண்டு முறை வகுத்தால் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்ததாகிறது: 0.1/1.09. நம்முடைய 10/109 மறுபடியும் வந்துவிட்டது.

அதாவது, தொடக்கத்தில் கூட்டிய ஒவ்வொரு பின்னமும் ஒரு வில் துண்டின் தோராயமான நீளம். எல்லாவற்றையும் கூட்டினால் எட்டில் ஒரு பங்கு வட்டம். π வந்ததில் இப்போது எந்த மர்மமும் இல்லை.

தோராயம் எவ்வளவு நல்லது? மூன்றாவது வில் துண்டின் உண்மையான நீளம் 0.09406. நம் பின்னம் தருவது 0.09174. யுக்திபாஷா இன்னும் கவனமாக இருக்கிறது: துண்டின் இரு முனைகளுக்கும் போகும் இரண்டு கர்ணங்களையும் பெருக்கி அதனால் வகுக்கிறது. அப்படிச் செய்தால் 0.09392, உண்மைக்கு வெகு அருகில். துண்டுகளை மிகச் சிறிதாக்கினால் பக்கத்துப் பக்கத்துக் கர்ணங்களுக்கு வித்தியாசம் இல்லாத அளவுக்கு ஆகிவிடும் என்பதால், பெருக்கலுக்குப் பதில் ஒன்றின் வர்க்கத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த படிக்குப் போகிறது. எதை விடலாம், ஏன் விடலாம் என்று இவ்வளவு தெளிவாக யோசித்ததுதான் அந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அடுத்த படி இன்னும் அழகு. tan-இன் நேர்மாறு என்ற கருவி அவர்களிடம் தொகையீட்டு வடிவில் இல்லை. அதனால் 1/(1 + x²)-ஐ 1 − x² + x⁴ − x⁶ என்று தொடராக விரித்து, ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகச் செவ்வகங்களாகக் கூட்டினார்கள். x²-க்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். 1 முதல் 10 வரையிலான வர்க்கங்களின் கூட்டு 385. அதை 10-இன் கனமான 1000-ஆல் வகுத்தால் 0.385. 1 முதல் 100 வரை செய்தால் 0.33835. ஆயிரம் வரை செய்தால் 0.33383. இது 1/3-க்குப் போகிறது. நான்காம் அடுக்குக்கு 1/5, ஆறாம் அடுக்குக்கு 1/7. எந்த அடுக்கானாலும் இப்படித்தான் என்பதற்கு யுக்திபாஷா பொதுவான காரணமும் சொல்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் π/4 = 1 − 1/3 + 1/5 − 1/7 + … ஐரோப்பாவில் லைப்னிட்சின் பெயரால் அறியப்படும் அதே தொடர். மேற்குலகத்துக்கு இந்தக் கேரள நூல்களைப் பற்றி முதலில் எழுதியவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய சார்லஸ் விஷ், அது 1830-களில்.

மீண்டும் நம் பின்னங்கள். கூட்டலைத் தொகையீடாக மாற்றுவதில் பிழை நேரும் இடங்கள் சில உண்டு; ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். n/(n² + k²) என்பதற்குப் பதில் n/(n² + k) என்று கேள்வி வந்தால் என்ன செய்வது? பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. 1/n-ஐ வெளியே எடுத்தால் மிஞ்சுவது 1/(1 + k/n²). இங்கே k தனியாக n-ஆல் வகுபட்டு நிற்கவில்லை. N²-ஆல் வகுபட்டு நிற்கிறது. k, 1-இலிருந்து n வரை ஓடும்போது k/n² பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; 0-இலிருந்து 1 வரை அது நடப்பதே இல்லை. ஆகவே எல்லா உயரங்களும் ஏறக்குறைய 1. n = 10 எனில் மிகச் சிறிய பின்னம் 10/110, மிகப் பெரியது 10/101; பத்தையும் கூட்டினால் 0.909-க்கும் 0.991-க்கும் நடுவில். n பெருகும்போது இரண்டு ஓரமும் 1-க்குப் போகின்றன, விடை 1. k/n என்று தனியாகப் பிரிந்து வந்தால்தான் அதை x என்று எழுதலாம். கையில் பேனா எடுக்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதித் தவறுகள் குறையும்.

இன்னொன்று, k எதுவரை ஓடுகிறது என்பது. அதே n/(n² + k²), ஆனால் k = 2n வரை கூட்டச் சொன்னால், அகலம் 1/n தான்; x போவது 2 வரை. வட்டப் படத்தில் சொன்னால், தொடுகோட்டை 2 அலகு உயரத்துக்கு நீட்டிவிட்டோம். கோணம் 45 பாகையிலிருந்து சுமார் 63.4 பாகைக்கு ஏறுகிறது, கூட்டுத்தொகை 1.107-க்குப் போகிறது. k-ஐ n² வரை ஓடவிட்டால் தொடுகோடு முடிவில்லாமல் மேலே போகும்; கோணம் செங்கோணத்தை எட்டும்; விடை π/2, கால் வட்டம். முடிவில்லாத தூரத்துக்கு இந்த மாற்றம் எப்போதும் செல்லாது. இங்கே செல்வதற்குக் காரணம், உயரம் சரிந்துகொண்டே போவதால் இடது, வலது மொத்தங்களின் இடைவெளி எத்தனை செவ்வகம் வைத்தாலும் 1/n-ஐத் தாண்டாததுதான்.

இப்போது, செவ்வகக் கூட்டலுக்கு எல்லை கிடைத்துவிட்டாலே அது பரப்பாகிவிடுமா என்ற கேள்வி. டிரிச்லே 1829-இல் ஒரு விசித்திரமான சார்பைச் சுட்டிக்காட்டினார். x விகிதமுறு எண்ணாக, அதாவது முழு எண்களின் பின்னமாக இருந்தால் ஒரு மதிப்பு. விகிதமுறா எண்ணாக இருந்தால் வேறொரு மதிப்பு. முதலாவதை 1 என்றும் இரண்டாவதை 0 என்றும் வைத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி x = k/n என்ற இடங்களில் உயரம் பார்த்தால், k/n எப்போதும் விகிதமுறு எண்; எல்லாச் செவ்வகமும் உயரம் 1; n எதுவானாலும் கூட்டுத்தொகை 1. எல்லையும் 1 என்று சந்தேகமின்றிச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் k/n-ஐ விட்டுவிட்டு ஒரு விகிதமுறா எண்ணைப் பிடித்து அங்கே உயரம் பார்த்தால் எல்லாம் பூஜ்ஜியம். எவ்வளவு மெல்லியதாக வெட்டினாலும் இரண்டு விடைகளும் நெருங்கவே நெருங்காது.

ரீமான் 1854-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வில் தொகையீட்டுக்குப் போட்ட நிபந்தனை இந்தக் குழப்பத்துக்கு இடம் தரவில்லை. துண்டுகள் சமமாக இருக்க வேண்டியதில்லை. உயரத்தை ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எந்த இடத்திலும் எடுக்கலாம். இப்படி எந்த முறையில் செய்தாலும், துண்டுகள் மெலிய மெலிய, எல்லாக் கூட்டுத்தொகைகளும் ஒரே எண்ணுக்குப் போக வேண்டும். அப்போதுதான் அது தொகையீடு. டிரிச்லேயின் சார்பு அந்தச் சோதனையில் தோற்கிறது. அவருடைய ஆய்வு அச்சில் வந்தது அவர் இறந்த பிறகு, 1868-இல்.

1/(1 + x²) அந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும், ஏனென்றால் அது உடைவின்றித் தொடர்ச்சியாகச் சரிகிறது. தேறிவிட்டதால் உயரத்தை எங்கே எடுப்பது என்ற சுதந்திரம் நமக்குக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தவும் செய்யலாம். வலது ஓரத்துக்குப் பதில் ஒவ்வொரு துண்டின் நடுப்புள்ளியில், 0.05, 0.15, 0.25 என்று 0.95 வரை, உயரம் எடுத்து அதே பத்துச் செவ்வகங்களைக் கூட்டினால் 0.78561 வருகிறது. நான்கால் பெருக்கினால் 3.1424. வலது ஓரத்தில் எடுத்தபோது ஆயிரம் செவ்வகங்கள் வைத்தும் 3.1406-தான் கிடைத்திருந்தது.